கடை சாத்திய பிறகு நகை எங்கே இருந்தது? நகைக்கடைக் காப்பீட்டில் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு நகைக்கடைக்குப் பகலில் போனால் சரக்கெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருக்கும். அந்தப் பகல் நேரத்துச் சரக்குக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் பெரிதாகத் தயங்குவதில்லை. கடை சாத்தியதிலிருந்து மறுநாள் திறக்கும் வரை அதே சரக்கு எங்கே இருக்கிறது என்பதில்தான் பாலிசியின் பாதி நிபந்தனைகள் குவிந்திருக்கின்றன. களவுக்குப் பிறகு இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பதும் அதைத்தான், நிராகரிக்கப்படும் கிளெய்ம்களில் பலவும் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன.

நகைக்கடைக்கென்று தனியாக ஒரு பாலிசி உண்டு. 'ஜுவல்லர்ஸ் பிளாக்' என்று பெயர். சாதாரணக் கடைக்காரர் எடுக்கும் தீ, கொள்ளை பாலிசியிலிருந்து இது வேறுபட்டது. வழக்கமாக நான்கு பிரிவுகள் இருக்கும். முதல் பிரிவு கடைக்குள் இருக்கும் சரக்குக்கு. இரண்டாவது, கடைக்கு வெளியே உரிமையாளர், ஊழியர், பத்தர் போன்றவர்களின் கையில் இருக்கும் நகைக்கு. மூன்றாவது தபாலிலோ விமானத்திலோ போகும் பார்சலுக்கு. நான்காவது ஷோகேஸ், மேஜை, அலங்காரம் போன்ற தளவாடங்களுக்கு. முதல் பிரிவை எடுத்தே ஆகவேண்டும், மற்றவை விருப்பம். இங்கே நாம் பார்க்கப்போவது முதல் பிரிவை மட்டும்.

இந்தப் பிரிவு தீ, கன்னம், கொள்ளை, கலவரம் என்று நீளமாக அடுக்கிச் சேதங்களுக்கெல்லாம் பொறுப்பேற்கும். பிறகு விலக்குகள் என்ற தலைப்பில் ஒரு வரி வரும். வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறினாலும் பொருள் இதுதான்: இரவில் காட்சிச் சன்னலில் இருக்கும் பொருளுக்கும், வியாபார நேரம் முடிந்த பின் பெட்டகத்துக்கு வெளியே வைக்கப்பட்ட பொருளுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல. இது வெறும் அச்சு எழுத்து என்று நினைத்துத் தாண்டிப்போகக் கூடாது. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுக்கும் ஓரியண்ட் ட்ரெஷர்ஸ் என்ற நகை நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதே விலக்கைத்தான் பார்த்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றமோ, வாசகம் தெளிவாக இருக்கும்போது அதற்கு வேறு பொருள் தேட இடமில்லை என்று சொல்லி நிறுவனத்தின் பக்கம் நின்றது. பூட்டிய கடைக்குள், பூட்டிய ஷோகேஸில் இருந்தாலும் அது 'பெட்டகத்துக்கு வெளியே'தான்.

கடைக்காரர் ஏன் வெளியே வைக்கிறார்? கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் இடம். ஐந்து கிலோ தங்கம், அதாவது 625 பவுன், உருக்கிக் கட்டியாக்கினால் ஒரு சிறிய பெட்டியில் அடங்கிவிடும். தட்டில் அடுக்கிய மோதிரமும் தோடும், கழுத்து ஸ்டாண்டில் மாட்டிய ஆரமும் அப்படி அடங்காது. பெட்டகம் வாங்கும்போது எடையையும் விலையையும் பார்க்கிறார்கள், ஷோகேஸ் தட்டின் நீள அகலத்தை அளப்பதில்லை. தட்டு உள்ளே நுழையாவிட்டால் ஒவ்வொரு இரவும் நகையைத் தட்டிலிருந்து உருவிப் பைகளில் போடவேண்டும், காலையில் திரும்ப அடுக்கவேண்டும். முகூர்த்த நாளில் பதினொரு மணிக்குக் கடை சாத்தும் பையன்களுக்கு அது முடியாத காரியம். இரண்டு மாதத்தில் 'நாளைக்கு எடுத்துக்கலாம்' என்று நான்கு தட்டுகள் வெளியே தங்கத் தொடங்கும். ஆகவே முதலில் தட்டை அளந்து, அது அப்படியே செருகும்படி உள்தட்டு அமைந்த பெட்டகத்தை வாங்குவதுதான் சரியான வரிசை. ஷோகேஸ் பழையதாக இருந்தால் பெட்டகத்துக்கு ஏற்பத் தட்டுகளை மாற்றுவது மலிவு.

செட்டிநாட்டில் இதற்கு மேல் ஒரு சிக்கல், வெள்ளி. கல்யாணச் சீருக்குக் குத்துவிளக்கு, குடம், பானை, தாம்பாளம் என்று பெரிய பெரிய சாமான்கள் கேட்கிற ஊர் இது. நாற்பது கிலோ வெள்ளிச் சாமான் எந்தப் பெட்டகத்திலும் நுழையாது, ஒரு சுவர் நிறைய ஷோகேஸில்தான் நிற்கும். பாலிசி எடுக்கும்போது 'மொத்தச் சரக்கு' என்று ஒரே தொகையைக் கொடுத்துவிட்டால் இந்த வெள்ளிக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் போகும். ஆனால் இரவில் அது களவுபோனால் ஒரு ரூபாய் வராது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரவில் பெட்டகத்துக்கு வெளியே இருக்கும் சரக்குக்கென்று தனியே ஒரு வரம்பைக் கூடுதல் பிரீமியத்துக்குத் தருவீர்களா என்று கேட்டு, அதைப் பாலிசியிலேயே எழுதி வாங்குவது ஒன்று. சில நிறுவனங்கள் தங்கத்துக்கு மறுத்தாலும் வெள்ளிக்கு ஒப்புக்கொள்ளும். மற்றது, கடைக்குள் ஒரு ஸ்ட்ராங் ரூம் கட்டி, 'இந்த அறை பெட்டகமாகக் கருதப்படும்' என்று நிறுவனத்திடம் ஒரு சேர்க்கைக் குறிப்பு, அதாவது எண்டார்ஸ்மென்ட், வாங்குவது. முகவர் வாய்வார்த்தையாக 'அதெல்லாம் கவர் ஆகும் அண்ணே' என்று சொல்வது எதற்கும் உதவாது.

பெட்டகம் என்றால் எது?

பாலிசி வாசகத்தில் இருக்கும் பெட்டகமும் கடைக்காரர் மனத்தில் இருக்கும் பெட்டகமும் பல நேரம் வேறுவேறு. எஃகு பீரோ பெட்டகம் அல்ல. தீயைத் தாங்கும் அலமாரியும் கொள்ளைக்காரனைத் தாங்கும் பெட்டகம் அல்ல. முன்னது உள்ளே இருக்கும் காகிதம் கருகாமல் காக்கச் செய்தது, அதன் தகட்டைக் கடப்பாரையால் கிழித்துவிடலாம். கொள்ளையைத் தாங்கும் பெட்டகத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 550. கருவிகளையும் வெட்டும் சுடரையும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பொறுத்து அதற்குள் வகுப்புகள் உண்டு. கதவின் உட்புறம் இருக்கும் தகட்டில் தயாரிப்பாளர் பெயர், வகுப்பு, வரிசை எண் மூன்றும் இருக்கவேண்டும். அந்தத் தகட்டைப் படம் எடுத்து, முன்மொழிவுப் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் பிறகு 'என்ன பெட்டகம்' என்ற பேச்சே எழாது.

எடை குறைந்த பெட்டகத்தை உடைக்கத் தேவையில்லை, தூக்கிக்கொண்டே போய்விடலாம். ஐரோப்பியத் தரத்தில் ஆயிரம் கிலோவுக்குக் குறைவான பெட்டகத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கும் ஏற்பாடு கட்டாயம். இங்கேயும் சர்வேயர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். போல்ட் இறங்க வேண்டிய இடம் கான்கிரீட் தளம். பழைய கட்டடத்தில் ஆத்தங்குடி டைல்ஸுக்குக் கீழே சுண்ணாம்பும் மணலும்தான் இருக்கும், அதில் போல்ட் பிடிக்காது. பெட்டகம் நிற்கும் இடத்தில் மட்டும் தோண்டிக் கம்பிக் கான்கிரீட் போட்டுக்கொள்ளவேண்டும்.

சாவியைப் பற்றிய நிபந்தனை இதைவிட முக்கியம். பெட்டகம் அதன் சொந்தச் சாவியாலோ மாற்றுச் சாவியாலோ திறக்கப்பட்டுக் களவுபோனால் இழப்பீடு கிடையாது. அந்தச் சாவி அடித்தோ மிரட்டியோ பிடுங்கப்பட்டிருந்தால் மட்டுமே விலக்கு பொருந்தாது. கல்லாப்பெட்டியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ இருந்த சாவியை எடுத்துத் திறந்திருந்தால் அங்கே மிரட்டல் இல்லை. ஆகவே சாவி கடையில் தங்கக் கூடாது. இரண்டு சாவி சேர்ந்தால்தான் திறக்கும் பூட்டாக இருந்து, ஒன்று முதலாளியிடமும் மற்றொன்று மேனேஜரிடமும் வீட்டுக்குப் போவது நல்லது. மாற்றுச் சாவிகள் வங்கி லாக்கரில் இருக்கட்டும். மேனேஜர் வேலையை விட்டுப் போனால் பூட்டை மாற்றவேண்டும், மாற்றிய ரசீதையும் வைத்துக்கொள்ளவேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விலக்கு ஊழியர் மோசடி. குடும்பத்தினர், பங்குதாரர், ஊழியர் செய்யும் திருட்டு பொதுவாக இந்த பாலிசிக்குள் வராது. ஊழியர்களுக்கு அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளவேண்டும். சரக்கு எடுக்கும்போது குறைகிறது, எப்படிப் போனது என்று தெரியவில்லை என்றால் அதற்கும் இடமில்லை.

சுவரும் கூரையும்

தமிழ்நாட்டில் பெரிய நகைக்கடைக் கொள்ளைகள் எல்லாமே ஷட்டர் வழியாக நடந்தவை அல்ல. 2019 அக்டோபரில் திருச்சியிலும், 2021 டிசம்பரில் வேலூரிலும் சுவரில் துளைபோட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். இரண்டிலும் போனது ஷோரூம் தளத்தில் இருந்த நகை. அதனால் நிறுவனத்தின் ஆய்வாளர் முன்வாசல் பூட்டை ஒரு நிமிடமும் பின்சுவரை அரை மணி நேரமும் பார்த்தால் எரிச்சல்படக் கூடாது.

அவர் பார்ப்பது மூன்று விஷயம். கூரை கான்கிரீட்டா, ஓடா? முன்பகுதியைப் புதிதாகக் கட்டி, பின்பகுதியை நாட்டு ஓட்டோடு விட்டுவைத்த கடைகள் இங்கே ஏராளம். இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் ஒரு மரக்கதவு என்றால் கடை முழுதும் ஓட்டுக்கூரை என்றே கணக்கு. அடுத்தது பொதுச்சுவர். பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர் இரண்டடி கனம் இருந்தாலும் கலவை உளுத்துப்போயிருந்தால் ஒவ்வொரு கல்லாக உருவலாம். கனத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. பெட்டகம் இருக்கும் அறைக்காவது உட்புறம் கம்பிக் கான்கிரீட் சுவர் எழுப்பவேண்டும். மூன்றாவது, பக்கத்துக் கட்டடத்தில் ஆள் இருக்கிறார்களா என்பது. செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி இது. உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வருடத்தில் ஒரு விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் பெரிய வீடு பக்கத்தில் இருந்தால், உள்ளே உட்கார்ந்து மூன்று இரவு சுவரைக் குடைந்தாலும் தெருவுக்குச் சத்தம் கேட்காது. அப்படிப்பட்ட பொதுச்சுவரில் அதிர்வு உணரும் கருவி பொருத்தியே ஆகவேண்டும். பல நிறுவனங்கள் அதை நிபந்தனையாகவே போடுகின்றன.

நிபந்தனையை ஒப்புக்கொள்ளும்போதுதான் நிதானம் வேண்டும். முன்மொழிவுப் படிவத்தில் 'இரவுக் காவலர் உண்டா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிவிடுகிறார்கள். இருப்பது தெரு முழுதுக்கும் பொதுவாக விசில் ஊதிப் போகும் கூர்க்கா. களவு நடந்த பிறகு சர்வேயர் அவருடைய சம்பளப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் கேட்பார், இருக்காது. பொய்த் தகவல் கொடுத்து பாலிசி எடுத்ததாக ஆகிவிடும். 'இல்லை' என்று எழுதிக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டுவது எவ்வளவோ மேல்.

அலாரமும் கேமராவும் இப்படித்தான். பொருத்தினால் போதாது, வேலை செய்யவேண்டும் என்பதே நிபந்தனை. அலாரம் ஓசையெழுப்பி முதலாளியின் கைப்பேசியை அழைக்கும் கருவியில் ஒரு சிம் இருக்கும், அதற்கு ரீசார்ஜ் செய்ய மறந்துபோவார்கள். மின்தடையில் தாங்கவேண்டிய பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகும். வாரம் ஒருமுறை அலாரத்தை ஒலிக்கவிட்டுப் பார்த்து ஒரு நோட்டில் தேதியும் கையெழுத்தும் போடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டதா என்பதும் சர்வேயர் தேடிப் பார்க்கும் தாள்.

கேமராப் பதிவை 30 நாள் வைத்திருக்கவேண்டும் என்று நிபந்தனை இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜி.பி. எடுத்துக்கொள்ளும். எட்டு கேமராவுக்கு 30 நாளைக்கு 5 டி.பி.க்கு மேல் வேண்டும். கடைகளில் சாதாரணமாகப் போட்டுத் தரும் 2 டி.பி. டிஸ்க் 12 நாளில் நிறைந்து, பழைய பதிவின் மேலேயே எழுதத் தொடங்கும். திருடர்கள் நோட்டம் பார்க்க வந்த நாள் அதில் இருக்காது. பதிவுக் கருவி கல்லாவுக்கு அடியில் இருந்தால் அதையும் கழற்றிக்கொண்டு போவார்கள். மாடியில் பூட்டிய அறையிலோ பெட்டக அறையிலோ அது இருக்கவேண்டும்.

சாத்தும் நேரத்தின் கணக்கு

இரவில் பெட்டகத்துக்குள் போனது என்ன என்பதைத் தினமும் எழுதி வைக்கவேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. அந்தப் பதிவு பெட்டகத்துக்குள்ளேயே இருக்கக் கூடாது என்பதும் அதே நிபந்தனையின் பகுதி. பெட்டகத்தோடு நோட்டும் போய்விட்டால் எதை வைத்து இழப்பை நிரூபிப்பது?

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, உருப்படி எண்ணிக்கையும் எடையும் எழுதவேண்டும். எடை டேக், நூலோடு எடுத்ததா, நீக்கி எடுத்ததா என்பதைத் தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் கணினியில் இருக்கும் எடையும் நோட்டில் இருக்கும் எடையும் ஒருபோதும் பொருந்தாது. நிறுத்தவரும் சரிபார்த்தவரும் கையெழுத்திட்ட பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கடைக்கு வெளியே ஒருவருக்கு அனுப்பிவிட்டால் நிபந்தனை நிறைவேறியது. ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் 2023 ஏப்ரல் முதல் விற்பனைக்குக் கட்டாயமானது. கடையின் மென்பொருளில் ஒவ்வொரு உருப்படியின் அந்த எண்ணும் ஏறியிருந்தால், காணாமல்போனவை எவை என்று காவல் நிலையத்தில் கொடுக்கும் பட்டியல் முதல் நாளே தயார்.

வாடிக்கையாளர் நகையைத் தனியாகப் பார்க்கவேண்டும். கழுத்திருவைக் கோத்துத் தரவோ மெருகேற்றவோ கொடுத்துவிட்டுப் போவது இந்தப் பக்கத்தில் வழக்கம். நாற்பது பவுன் கழுத்திரு ஒன்று கடையில் மூன்று நாள் தங்கும். கடையின் சரக்குக் கணக்கில் அது வராது. ஆனால் போய்விட்டால் கடைதான் பதில் சொல்லவேண்டும். 'பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் பொருள்' என்பது பாலிசியில் சேர்ந்திருக்கவேண்டும், காப்புத் தொகையிலும் அதற்கு இடம் விட்டிருக்கவேண்டும். எடையும் கல் எண்ணிக்கையும் எழுதிய வரவு ரசீதின் அடிக்கட்டை கடையில் இருக்கவேண்டும். துண்டுச் சீட்டில் 'ஆச்சி வீட்டுக் கழுத்திரு' என்று எழுதி வைத்திருந்தால் சர்வேயர் அதை ஏற்கமாட்டார்.

இனி ஒரு கணக்கு. 5 கிலோ தங்கம் உள்ள ஒரு கடை, கிராம் 7,000 ரூபாயாக இருந்தபோது மூன்றரைக் கோடிக்கு பாலிசி எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குள் கிராம் 10,000 ஆகிவிட்டது. ஒரு இரவு பின்பக்க ஓட்டைப் பிரித்து இறங்கியவர்கள் ஷோகேஸில் விட்டுப்போன 200 கிராமை எடுத்தார்கள், பெட்டகத்தின் ஒரு கதவை வெட்டி அதிலிருந்து 600 கிராமை எடுத்தார்கள். ஷோகேஸ் நகைக்கு விலக்கு பொருந்தும், அந்த 20 லட்சம் கடையின் நஷ்டம். பெட்டக நகை இன்றைய விலையில் 60 லட்சம். ஆனால் ஐந்து கோடிச் சரக்கை மூன்றரைக் கோடிக்குத்தானே காப்பு செய்திருக்கிறார்கள்? சரக்கின் மதிப்பில் 70 விழுக்காட்டுக்குத்தான் காப்பு, ஆகவே இழப்பிலும் அதே விகிதம்தான் தருவார்கள். குறைகாப்பு என்பது இதுதான். கிடைப்பது 42 லட்சம், அதிலும் பாலிசியில் சொன்ன கழிவு போகும். பல பாலிசிகளில் மதிப்பீடு சந்தை விலையில் அல்ல, வாங்கிய விலையோடு பத்து விழுக்காடு சேர்த்து. எல்லாச் சரக்கும் 7,000-க்கு வாங்கியது என்றால் அந்த வழியில் 600 கிராம் 46 லட்சத்து 20 ஆயிரம், மொத்தச் சரக்கு 3 கோடியே 85 லட்சம். விகிதத்தைப் போட்டால் மறுபடியும் 42 லட்சமே. அதே 600 கிராமைத் திரும்ப வாங்க 60 லட்சம் வேண்டும்.

இதோடு முடியவில்லை. களவுபோன சரக்குக்கு வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரியை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி திருப்பிக் கட்டவேண்டும். 42 லட்சத்துக்கு வாங்கிய தங்கத்துக்கு 3 விழுக்காடு என்றால் 1 லட்சத்து 26 ஆயிரம். ஷோகேஸில் போன 200 கிராமுக்கும் இந்த வரி உண்டு, அது வேறு 42 ஆயிரம். காப்புத் தொகையில் வரியையும் சேர்த்துத்தான் அறிவித்தோம் என்பது பாலிசியில் தெரிந்தால்தான் இழப்பீட்டில் கேட்கமுடியும்.

விலை ஏறும் காலத்தில் வருடக் கடைசிவரை காத்திருக்காமல் நடுவிலேயே தொகையை உயர்த்திக்கொள்ளலாம். காப்பீட்டுச் சட்டம் 1938-ன் 64வி.பி. பிரிவின்படி பிரீமியம் கைக்கு வந்த பிறகே நிறுவனத்தின் பொறுப்பு தொடங்கும். ஆகவே 'கூட்டிப் போடுங்கள்' என்று முகவருக்கு வாட்ஸ்அப்பில் சொன்ன நாள் கணக்கில் வராது. பணம் கட்டிய நாள்தான் கணக்கு. அக்ஷய திருதியைக்கும் கல்யாண மாதங்களுக்கும் முன்னால் சரக்கு இரட்டிப்பாகும் கடைகள் இதை அந்தச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே முடித்துவிடவேண்டும்.

கடைசியாக, 'வியாபார நேரம்' என்பதை ஒருமுறை பாலிசியில் தேடிப் பாருங்கள். இங்கே பல கடைகள் மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய் நான்கு மணிக்குத் திறக்கின்றன. அந்த இரண்டு மணி நேரமும் தட்டுகள் ஷோகேஸில்தான் இருக்கும். ஊழியர் ஒருவர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் வியாபார நேரமே என்று சில வாசகங்கள் சொல்கின்றன, சிலவற்றில் விளக்கமே இருக்காது. இல்லாவிட்டால், மதிய இடைவேளையில் உள்ளே ஆள் இருக்கும்வரை ஷோகேஸ் சரக்குக்குக் காப்பு தொடரும் என்று ஒரே ஒரு வரியை எண்டார்ஸ்மென்டாக எழுதித் தரச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் கொடுக்கவேண்டும். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, மதியமும் தட்டுகளைப் பெட்டகத்துக்குள் ஏற்றவேண்டியதுதான்.